மோடமும் டிவியும் மட்டும் போனது ஏன்? மின்னல் வந்த வழி

கேள்வி: நாங்க பெங்களூரு ராமமூர்த்தி நகர்ல தனி வீட்டுல இருக்கோம். போன வாரம் சாயங்காலம் பக்கத்து மனையில இருக்கிற தென்னை மேல இடி விழுந்துச்சு. அந்த நிமிஷமே எங்க மோடமும் டிவியும் போச்சு. மோடம் வாசல் பக்கம் போன் லைன்ல இருக்கு, அங்கிருந்து உள்ளே டிவிக்கு லேன் கேபிள் போகுது. ரெண்டுமே ஸ்பைக் கார்டுலதான் செருகியிருந்தோம். எம்சிபி விழவே இல்ல. ஃப்ரிட்ஜ், ஃபேன், எல்இடி பல்பு, லேண்ட்லைன் போன் எல்லாம் நல்லா இருக்கு. எலக்ட்ரீஷியன் பார்த்துட்டு எர்த் சரியில்ல, புதுசா குழி தோண்டணும்ங்கிறார். மின்னல் கரண்ட் லைன்ல வந்துச்சா, போன் லைன்லயா, எர்த்லயா?

பதில்: எது போனது என்பதை விட எது பிழைத்தது என்று பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. கரண்ட் லைன் வழியாகப் பெரிய அடி வந்திருந்தால் முதலில் போவது எல்இடி பல்புகள்தான். அவற்றுக்குள் இருக்கும் சின்ன டிரைவர் சர்க்யூட் அவ்வளவு தாங்காது. அவை நன்றாக எரிகின்றன. போன் லைனின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பெரிய அடி வந்திருந்தால் லேண்ட்லைன் கருவி தப்பியிருக்காது. அதிலும் டயல் டோன் வருகிறது. ஃப்ரிட்ஜுக்கும் பல்புக்கும் வெளியுலகத்தோடு இருக்கும் தொடர்பு கரண்ட் ஒயர் ஒன்றுதான். லேண்ட்லைன் கருவிக்குப் போன் ஒயர் ஒன்றுதான். இரண்டோடும் தொடர்புள்ளவை உங்கள் வீட்டில் இரண்டே பொருள்கள். மோடம் நேரடியாக, டிவி அந்த லேன் கேபிள் மூலமாக. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றவை மட்டும் போயிருக்கின்றன.

நான் தொலைபேசி வெளிக்கம்பி வேலையில் பல வருடம் இருந்தவன். இடிமழைக்குப் பிறகு வரும் புகார்களில் இந்த மாதிரிதான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நடந்தது பெரும்பாலும் எர்த் வழியாகத் தொடங்கி, உங்கள் பொருள்களைக் கடந்து, போன் லைன் வழியாக வெளியே போன அடி. போன் லைனில் உள்ளே வந்ததல்ல, வெளியே போனது. இதைப் புரிந்துகொண்டால் என்ன செய்வது என்பதும் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எர்த் என்றால் எப்போதும் பூஜ்யம் வோல்ட் என்று நமக்குப் பழகிவிட்டது. சாதாரண நாளில் அது சரி. மின்னல் மண்ணில் இறங்கும் அந்தக் கணத்தில் அது சரியல்ல. ஒரு சராசரி மின்னலின் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். தென்னை வழியாக அது மண்ணுக்குள் போய் எல்லாப் பக்கமும் பரவுகிறது. மண்ணுக்கு மின்தடை உண்டு. ஆகவே விழுந்த இடத்தில் வோல்டேஜ் மிக அதிகமாகவும், தள்ளிப்போகப் போகக் குறைவாகவும் இருக்கும். ஒரே மாதிரியான மண் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. மண்ணின் தடை எண்ணை மின்னோட்டத்தால் பெருக்கி, தூரத்தையும் 6.28-ஐயும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெங்களூரில் செம்மண்ணுக்குக் கீழே பாறை. ஏப்ரல், மே மாதத்தில் முதல் இடிமழை வரும்போது மண் காய்ந்து கிடக்கும். தடை எண்ணை 200 ஓம் மீட்டர் என்று மிதமாகவே எடுத்துக்கொள்வோம். தென்னையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உங்கள் எர்த் குழி இருந்தால், அந்தக் கணத்தில் அங்கே ஏறத்தாழ 32,000 வோல்ட். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் எர்த்தில் 500 வோல்ட்டுக்கும் குறைவு.

மரத்தடியில் நின்ற மாடு மின்னலில் செத்துப்போவது இதனால்தான். மாட்டின் மேல் மின்னல் விழத் தேவையில்லை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உள்ள அந்தக் கொஞ்ச தூரத்திலேயே ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் வீட்டுக்குள் வருவோம். போன் லைனின் இரண்டு கம்பிகளும் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரியோடு சேர்ந்திருக்கின்றன. அந்தப் பேட்டரியின் பாசிட்டிவ் முனை அங்கேயே எர்த் செய்யப்பட்டிருக்கும். அதாவது உங்கள் வாசலில் வந்து நிற்கும் அந்த மெல்லிய செம்புக் கம்பி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எர்த்தின் வோல்டேஜை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது. உங்கள் கரண்ட் பக்கமோ உங்கள் வீட்டு எர்த் குழியோடு சேர்ந்து மேலே ஏறுகிறது. ஒன்று ஏறிவிட்டது, மற்றொன்று ஏறவில்லை. இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் மோடம்.

நிஜத்தில் முழு 32,000 வோல்ட்டும் மோடம் மேல் வராது. உங்கள் வீட்டு நியூட்ரல், தெருக்கோடி டிரான்ஸ்பார்மரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அது வீட்டு வோல்டேஜைக் கீழே இழுக்கும். வாசல் பெட்டியிலேயே போன் கம்பி கொஞ்சம் தீப்பொறி விட்டு விடுவிக்கும். ஆனால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் 3,000 வோல்ட். ஒரு லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் தாங்குவதற்குச் சோதிக்கப்படுவது 1,500 வோல்ட் வரைதான்.

ஸ்பைக் கார்டு ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான் உங்கள் மனதில் உறுத்துவது என்று நினைக்கிறேன். அது தன் வேலையைச் செய்திருக்கிறது, அதில்தான் விஷயம். அதற்குள் வேரிஸ்டர் என்று காசு அளவில் வட்டமாக ஒரு பொருள் இருக்கும். நல்ல ஸ்பைக் கார்டு என்றால் மூன்று இருக்கும்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்று, பேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. வோல்டேஜ் வித்தியாசம் சில நூறு வோல்ட்டைத் தாண்டியதும் அவை கடத்தத் தொடங்கி மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். எர்த் மேலே ஏறியபோது அவை பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போயின. மூன்றும் ஒன்றாக ஏறினால் கரண்ட் ஒயரை மட்டும் நம்பியிருக்கும் பொருளுக்கு ஒன்றும் ஆகாது. போன் கம்பி மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கரண்ட் பக்கத்தை மட்டும் கவனிக்கும் ஸ்பைக் கார்டு, மோடத்துக்கும் போன் லைனுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் குறைக்காது. சில சமயம் கூட்டியே விடும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா மார்ட்ஸ்லாஃப் என்ற பொறியாளர் இந்தச் சிக்கலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சொன்ன தீர்வுக்குப் பின்னால் வருகிறேன்.

எம்சிபி விழாததில் வியப்பில்லை. அது அசையவே சில மில்லி செகண்ட் ஆகும். மின்னலின் உச்ச அடி அதற்கு முன்பே வந்து போய்விடும். எம்சிபி ஒயரைச் சூட்டிலிருந்து காப்பதற்கு. சர்ஜ் என்ற கண நேர வோல்டேஜ் அடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டிவிக்கு இரண்டு பின் பிளக்தானே, எர்த்தே கிடையாதே, அது எப்படி என்று கேட்பீர்கள். டிவியின் பின்னால் உள்ள உலோக சாக்கெட்டைத் தொடும்போது விரலில் லேசாகச் சுரீர் என்று உணர்ந்திருப்பீர்கள். கரண்ட் பக்கத்துக்கும் உள் சர்க்யூட்டுக்கும் நடுவில், இரைச்சலைக் குறைக்க ஒரு சின்ன நீலநிறக் கெபாசிட்டரை வைத்திருப்பார்கள். அதன் வழியாக வரும் கசிவு அது. 50 சைக்கிள் கரண்டுக்கு அது கிட்டத்தட்ட மூடிய கதவு. மைக்ரோ செகண்டில் ஏறும் மின்னல் அடிக்கு அது திறந்த கதவு. அதன் அளவு 2.2 நானோ ஃபாரட் என்று வைத்து, ஒரு மைக்ரோ செகண்டில் 3,000 வோல்ட் ஏறினால், 6 ஆம்பியருக்கு மேல் உள்ளே பாயும். அந்த மின்னோட்டம் டிவியின் மெயின் போர்டைக் கடந்து, லேன் சிப் வழியாக வெளியேறி, கேபிளில் ஓடி மோடத்துக்குள் புகுந்து, போன் லைனில் இறங்கும். உங்கள் டிவி போனது இப்படித்தான். அந்த லேன் கேபிள் இல்லாமல் இருந்திருந்தால் டிவி இன்று ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கேபிளுக்கு இன்னொரு பங்கும் இருக்கிறது. கரண்ட் ஒயர் சுவருக்குள் ஒரு பக்கமாகப் போகிறது, லேன் கேபிள் வேறு பக்கமாகப் போகிறது, இரண்டும் மோடத்திலும் டிவியிலும் சேர்கின்றன. நடுவில் ஒரு பெரிய வளையம் உண்டாகிவிட்டது. மின்னலின் காந்தப்புலம் அந்த வளையத்தைக் கடக்கும்போது எந்தக் கம்பியின் தொடர்பும் இல்லாமலே அதில் வோல்டேஜ் பிறக்கும். வளையத்தின் பரப்பு 20 சதுர மீட்டர், தூரம் 30 மீட்டர், மின்னோட்டம் மைக்ரோ செகண்டுக்கு 10,000 ஆம்பியர் வீதம் ஏறுகிறது என்றால் சுமார் 1,300 வோல்ட் வரும். தனியாகவே லேன் போர்ட்டின் எல்லையை நெருங்கும் அளவு. மேலே சொன்னதோடு சேரும்போது மிச்சம் வைக்காது.

நான் சொல்வது சரியா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். மோடத்தின் அடாப்டரை மட்டும் எடுத்து, மல்டிமீட்டரில் அதில் எழுதியிருக்கும் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். அடாப்டர் மட்டும் செத்து, வேறு அடாப்டர் போட்டால் மோடம் உயிர் பெற்றால், அடி கரண்ட் பக்கத்தில் நின்றுவிட்டது என்று அர்த்தம். அடாப்டர் நன்றாக இருந்து மோடம் பவர் விளக்கும் எரிந்து `DSL` விளக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால் போன் பக்கம் போயிருக்கிறது. மோடத்தின் மூடியைத் திறந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். போன் சாக்கெட்டுக்கும் லேன் சாக்கெட்டுக்கும் பின்னால் கறுப்புச் சதுரமாக டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும். அவற்றின் கால்களுக்கு அருகே பலகையில் கரித்தடம், அல்லது செம்புக்கோடு ஆவியாகிப்போன வெள்ளைக் கீறல் இருந்தால், அடி குறுக்கே தாவிய இடம் அதுதான். கேபிள் செருகியிருந்த லேன் போர்ட் கருகி, காலியாக இருந்த மற்ற மூன்றும் சுத்தமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டிவியில் சிவப்பு ஸ்டாண்ட்பை விளக்கு எரிகிறதா? எரிந்தால் பவர் போர்டு உயிரோடு இருக்கிறது, அடிபட்டது மெயின் போர்டு. மெக்கானிக்கிடம் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பேனல் தப்பியிருந்தால் மெயின் போர்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பழுதைப் பார்க்காமலே புது டிவி வாங்கச் சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

இனி எலக்ட்ரீஷியன் சொன்ன புதுக் குழி. நல்ல எர்த் கட்டாயம் வேண்டும். ஃப்ரிட்ஜ் பாடியில் ஷாக் அடிக்காமல் இருக்கவும், கசிவு வந்தால் ஆர்சிசிபி விழவும் அதுதான் காப்பு. எர்த் ஒயர் அறுந்திருக்கிறதா, மூன்றாவது பின் நிஜமாகவே குழி வரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் உப்பும் கரியும் கொட்டிப் புதுக் குழி போட்டால் மோடம் பிழைக்கும் என்று நம்பாதீர்கள். மண்ணே 30,000 வோல்ட்டுக்கு ஏறும்போது, அந்த மண்ணோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும் குழி, வீட்டையும் சேர்த்து இன்னும் நன்றாக ஏற்றும். அதைவிட மோசமானது, மோடத்துக்கோ கம்ப்யூட்டருக்கோ என்று தனியாக ஒரு குழி தோண்டி அதை மற்றதோடு சேர்க்காமல் விடுவது. ஒரே வீட்டுக்குள் இரண்டு வேறு வேறு வோல்டேஜை நீங்களே உண்டாக்கி வைக்கிறீர்கள். ஏற்கெனவே இரண்டு குழி இருந்தால் இரண்டையும் தடித்த கம்பியால் இணைத்துவிடச் சொல்லுங்கள்.

நமக்குத் தேவை வீடு ஏறினால் எல்லாமே சேர்ந்து ஏறுவது. அதற்கு வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு செம்புக் கம்பியும் ஒரே இடத்தில், ஒரே எர்த் பட்டையோடு சந்திக்க வேண்டும். மெயின் டிபி பெட்டியில் டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போடச் சொல்லுங்கள். நம் வீடுகளில் எர்த் தனிக் குழியிலிருந்து வருவதால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வேரிஸ்டரும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில், வோல்டேஜ் எல்லை மீறினால் மட்டும் கடத்தும் வாயுக்குழலும் உள்ள வகை பொருத்தம். அதை ஆர்சிசிபிக்கு முன்பாகப் போட வேண்டும். போன் லைனையும் அந்த டிபிக்குப் பக்கத்திலேயே உள்ளே கொண்டுவந்து, அதற்கென்று உள்ள வாயுக்குழல் புரொடெக்டர் வழியாக விட்டு, அதன் எர்த்தையும் அதே பட்டையில் முடுக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் தவறும் இடம் ஒயரின் நீளம். எந்த ஒயருக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது வேகமாக ஏறும் மின்னோட்டத்தைத் தடுக்கும் குணம், உண்டு. மைக்ரோ செகண்டுக்கு 1,000 ஆம்பியர் வீதம் ஏறும் மின்னோட்டம் அதில் பாய்ந்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் 1,000 வோல்ட் விழும். ஒயர் எவ்வளவு தடிமன் என்பது இதில் பெரிதாக உதவாது. புரொடெக்டரை வாங்கி அழகாக மாட்டி, எர்த் ஒயரை மூன்று மீட்டர் சுற்றவிட்டால் 3,000 வோல்ட் அந்த ஒயரிலேயே நிற்கும், புரொடெக்டர் இருந்தும் பயனில்லை. இணைப்பு ஒயர்கள் மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று இதை மட்டும் பாருங்கள்.

இதெல்லாம் இப்போதைக்கு முடியாது என்றால் மார்ட்ஸ்லாஃப் சொன்னதன் சின்ன வடிவம் ஒன்று உண்டு. கரண்ட், போன் இரண்டும் ஒரே பெட்டிக்குள் போய் வெளியே வரும் சர்ஜ் புரொடெக்டர். இரண்டுக்கும் எர்த் அந்தப் பெட்டிக்குள் ஒன்றாக இருப்பதால் மோடத்துக்கு எட்டும் வித்தியாசம் குறைந்துவிடும். மோடத்துக்குப் போகும் ஒவ்வொரு கம்பியும் அந்தப் பெட்டி வழியாகவே போக வேண்டும், ஒன்று தப்பினாலும் பலன் இல்லை. இப்போது இருக்கும் ஸ்பைக் கார்டுகளை மாற்றிவிடுங்கள். பெரிய அடி வாங்கிய வேரிஸ்டர் வெளியே தெரியாமல் தளர்ந்திருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது காசே ஆகாத ஒன்று. அந்த லேன் கேபிளைக் கழற்றிவிட்டு டிவியை வைஃபையில் ஓட்டுங்கள். டிவிக்கு அப்போது கரண்ட் ஒயர் ஒன்றுதான் மிஞ்சும். செட்டாப் பாக்ஸ் இருந்தால் அந்த வயரும் இரண்டாவது கால்தான், மறக்க வேண்டாம். அடுத்ததாக செம்பு லைனை ஃபைபருக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடி இழை கடத்தாது. ஆனால் தெருக்கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிளில் பலத்துக்காகப் பெரும்பாலும் இரும்புக் கம்பி இருக்கும். அதை வெளிச்சுவரிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள், பெட்டிவரை வரக்கூடாது. சில இடங்களில் ஃபைபர் என்று சொல்லி மொட்டைமாடி வழியாக வெறும் லேன் கேபிளைத்தான் இழுத்து வருகிறார்கள். அது போன் லைனை விட மோசம். வீட்டுக்குள் வருவது எது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இடி வரும் போல இருந்தால் மோடத்தின் பவர் பிளக், போன் பிளக் இரண்டையும் பிடுங்கி வையுங்கள். சுவர் சுவிட்சை அணைப்பது போதாது. அது பேஸை மட்டும் வெட்டும், நியூட்ரலும் எர்த்தும் அப்படியே இருக்கும். இதை இடி தொலைவில் கேட்கும்போதே செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கையும் ஒயர் உள்ள போனையும் தொடாதீர்கள், மோடம் போனால் போகட்டும். மின்னல் தென்னையில் விழாமல் உங்கள் வீட்டின் மேலேயே விழுந்தால், நான் சொன்ன டைப் 2 புரொடெக்டர் எதுவும் தாங்காது. அதற்கு மொட்டைமாடி இடிதாங்கியும் டைப் 1 புரொடெக்டரும் வேண்டும், அந்த இடிதாங்கியின் எர்த்தும் இதே பட்டையோடு சேர்ந்திருக்க வேண்டும்.